வாழ்நாள் சேமிப்போடு நாடு மாறுகிறோம்: பணத்தை எப்போது, எப்படி மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடு வேறு நாட்டில் நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நாணயமாற்று நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு ரேட் சொல்லும் மேசையில் பல வருடம் இருந்தேன். ஒருமுறை நானே குடும்பத்தோடு நாடு மாறியும் இருக்கிறேன்.

எந்த நாட்டுக்கும் பொருந்தட்டும் என்று, விட்டுப் போகிற நாட்டின் நாணயத்தைப் பழைய பணம் என்றும், போய்ச் சேருகிற நாட்டின் நாணயத்தைப் புதிய பணம் என்றும் சொல்கிறேன். கணக்குக்காக, இன்றைய சந்தையில் 1 பழைய பணத்துக்கு 1.50 புதிய பணம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ரேட் நமக்குச் சாதகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் இன்னும் நல்ல ரேட் கிடைக்குமா?

தெரியாது. எனக்கும் தெரியாது, உங்கள் வங்கி மேலாளருக்கும் தெரியாது, தொலைக்காட்சியில் பேசுகிற நிபுணருக்கும் தெரியாது. 1983-இல் மீஸ், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அன்றைய பெரிய பொருளாதார மாதிரிகளை எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள்ளான காலத்துக்கு, "நாளைக்கும் இன்றைய ரேட்டேதான்" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட அந்த மாதிரிகள் எதுவும் சிறப்பாகக் கணிக்கவில்லை. அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாதே தவிர, எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று ஓரளவு சொல்லலாம். பெரிய நாணயங்கள் ஒன்றுக்கொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் அசைவது சாதாரணம். 10 என்று வைத்தால் ஒரு மாதத்துக்குச் சுமார் 3 சதவீதம், மூன்று மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம். இது வழக்கமான அசைவுதான். எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2016 ஜூன் 23 இரவு ஒரு பவுண்டுக்கு 1.50 டாலர் இருந்தது. பிரிட்டனின் வாக்கெடுப்பு முடிவு வந்த மறுநாள் காலையில் அது 1.33-க்கும் கீழே போய்விட்டது. வீடு விற்ற பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று இருந்தவருக்கு ஒரே ராத்திரியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

ஆகவே "ரேட் ஏறுமா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, புதிய நாட்டில் எந்தத் தேதிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. கீழே வருகிற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கிறது.

எங்கள் வங்கியில் "கமிஷன் கிடையாது, அனுப்பும் கட்டணமும் கிடையாது" என்கிறார்கள். அப்படியானால் அங்கேயே மாற்றிவிடலாமா?

கமிஷன் ரேட்டுக்குள்ளேயே இருக்கும். சந்தையில் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே உள்ளதை நடு விலை என்பார்கள். இணையத்தில் நாணயங்களின் பெயரைப் போட்டுத் தேடினால் வருவது பெரும்பாலும் அதுதான். அந்த விலைக்கு யாரும் உங்களுக்குத் தரமாட்டார்கள். அதிலிருந்து எவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்பதில்தான் அவர்கள் லாபம் இருக்கிறது. அதை மார்க்கப் என்பார்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
மார்க்கப் % = (நடு விலை − தருகிற விலை) ÷ நடு விலை × 100
```

நடு விலை 1.50 இருக்கும்போது வங்கி 1.4550 தந்தால் மார்க்கப் 3 சதவீதம். அதே நிமிடத்தில் ஒரு நாணயமாற்று நிறுவனம் 1.4925 தந்தால் 0.5 சதவீதம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், இரண்டாவது தசம இடத்தை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் 2,80,000 பழைய பணத்தை மாற்றினால் இரண்டுக்கும் இடையே 10,500 புதிய பணம் வித்தியாசம். அனுப்பும் கட்டணமாக 40 கேட்டாலும் 30 கேட்டாலும் இதன் முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நாங்கள் நாடு மாறியபோது நானே இதில் விழுந்தேன். அப்போது இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் "உங்களுக்காகக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணிவிட்டேன்" என்றதும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். புதிய ஊரில் முதல் வாரம் ரசீதை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான், அவர் தள்ளுபடி செய்ததைப் போல நூறு மடங்கை ரேட்டில் எடுத்திருந்தது தெரிந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை, ரசீதில் எல்லாம் எழுதித்தான் இருந்தது.

நாலு இடத்தில் ரேட் கேட்டேன், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

ரேட்டைக் கேட்காதீர்கள், "நான் 1,00,000 பழைய பணம் தருகிறேன், எல்லாம் போக என் புதிய கணக்கில் எவ்வளவு வந்து நிற்கும்?" என்று கேளுங்கள். ரேட், கட்டணம், இடையில் உள்ள வங்கி பிடித்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும்.

அப்புறம், எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது சந்தையின் அசைவை, அவர்களை அல்ல. கணினியில் நடு விலையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் சொல்லும்போதும் அந்த விநாடி நடு விலை என்ன என்று பக்கத்தில் எழுதி மார்க்கப்பைப் போடுங்கள். சனி, ஞாயிறு கேட்காதீர்கள். சந்தை மூடியிருக்கும்போது தங்கள் பாதுகாப்புக்காகப் பலரும் மார்க்கப்பைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

பேரம் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம். இந்த அளவு தொகைக்குக் கவுன்டரில் எழுதி ஒட்டியிருக்கிற ரேட்டை யாரும் வாங்குவதில்லை. வங்கியில் பெரிய தொகை நாணயமாற்றைக் கவனிக்கிற கருவூலப் பிரிவு இருந்தால் அவர்களிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "வேறு இடத்தில் 0.5 தருகிறார்கள்" என்ற ஒரு வாக்கியம் 3 சதவீதத்தை 1 ஆக்குவதை நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. முதல் பரிமாற்றத்துக்கு 0.3 தந்து மனதைப் பிடித்துவிட்டு, மூன்றாவது, நான்காவது பரிமாற்றத்தில் சத்தமில்லாமல் 1.2-க்குப் போகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. வாடிக்கையாளர் பழகிவிட்டார், இனிப் பார்க்கமாட்டார் என்ற தைரியம்தான். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுங்கள்.

ஃபார்வர்டு போட்டு ரேட்டைப் பூட்டிவிடலாம் என்கிறார்களே, அது என்ன? சூதாட்டம் மாதிரி இருக்கிறது.

"ஆறு மாதம் கழித்து இன்ன தேதியில், இவ்வளவு பழைய பணத்தை, இந்த ரேட்டில் மாற்றிக்கொள்கிறேன்" என்று இன்றே ஒப்பந்தம் போடுவதுதான் ஃபார்வர்டு. அன்றைக்குச் சந்தை எங்கே இருந்தாலும் உங்கள் ரேட் மாறாது. நீங்களும் பின்வாங்க முடியாது, அவர்களும் பின்வாங்க முடியாது. வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் வரை முன்பணம் கேட்பார்கள்.

சூதாட்டம் என்று பார்த்தால், ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் காத்திருப்பதுதான் சூதாட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபார்வர்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்வது. ரேட் நமக்குச் சாதகமாக ஏறினால் அந்த லாபமும் கிடைக்காது, அது தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. பணம் இன்றே கையில் இருக்கிறது, புதிய நாட்டில் கணக்கும் திறந்தாயிற்று என்றால் ஃபார்வர்டு எதற்கு? இன்றே மாற்றிப் புதிய நாட்டில் வைப்பில் போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். ஃபார்வர்டு உண்மையில் உதவுவது, பணம் உறுதியாக வரப்போகிறது, ஆனால் இன்னும் வரவில்லை என்கிறபோது. முதிர்வுக்கு ஆறு மாதம் பாக்கி இருக்கிற, உடைத்தால் அபராதம் பிடிக்கிற வைப்புத்தொகை அதற்கு நல்ல உதாரணம்.

இன்று 1.50 இருக்கிறது. ஆறு மாத ஃபார்வர்டுக்கு 1.485 தான் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? இல்லை, ரேட் விழும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

இரண்டும் இல்லை. இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. பழைய நாட்டில் ஆண்டு வட்டி 5 சதவீதம், புதிய நாட்டில் 3 சதவீதம் என்றால்:

```
1.50 × (1 + 0.03 ÷ 2) ÷ (1 + 0.05 ÷ 2) = 1.4854
```

உங்கள் பணம் அந்த ஆறு மாதமும் பழைய நாட்டிலேயே இருந்து கூடுதல் வட்டி சம்பாதிக்கிறது. அந்தக் கூடுதல் ஃபார்வர்டு ரேட்டில் கழிகிறது. ரேட்டும் குறையாமல் வட்டியும் கிடைத்தால் உலகத்தில் எல்லாரும் அதையே செய்துகொண்டிருப்பார்கள், அடுத்த நிமிடமே அந்த இடைவெளி மூடிக்கொண்டுவிடும். புதிய நாட்டில் வட்டி அதிகம் என்றால் ஃபார்வர்டு ரேட் இன்றைய ரேட்டைவிடக் கூடுதலாக வரும். அப்போது யாரும் வந்து ஏன் என்று கேட்பதில்லை!

நீங்கள் பார்க்க வேண்டியது, 1.4854-க்கும் கீழே எவ்வளவு இறக்கித் தருகிறார்கள் என்பதை. 1.478 தந்தால் மார்க்கப் அரை சதவீதம், நியாயம்தான். 1.45 தந்துவிட்டு "வட்டி வித்தியாசம் சார்" என்றால் கால்குலேட்டரை எடுத்துக் காட்டுங்கள்.

வீடு விற்பனை பேசி முடித்துவிட்டோம், பணம் இரண்டு மாதத்தில் வரும். இப்போதே ஃபார்வர்டு போடலாமா?

பேசி முடித்திருக்கிறது என்றால் வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, வாங்குகிறவருடைய கடன் அனுமதியும் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். நான் பார்த்த ஃபார்வர்டு விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடந்தன.

கணக்காகச் சொல்கிறேன். 1,60,000 பழைய பணத்துக்கு ஃபார்வர்டு போட்டீர்கள், விற்பனை முறிந்தது, பணம் வரவில்லை. இடையில் பழைய பணத்தின் மதிப்பு 8 சதவீதம் ஏறிவிட்டது. ஒப்பந்தம் உங்களை விடாது. அதைச் சந்தை விலையில் மூட வேண்டும், அந்த வித்தியாசம், அதாவது 12,000 பழைய பணத்துக்குக் கொஞ்சம் குறைவாக, உங்கள் கையிலிருந்து போகும். வீடும் விற்கவில்லை, காசும் போயிற்று.

பணம் உறுதியாக வரும் என்றாலும் இன்னொரு தொல்லை உண்டு. பழைய பணம் நடுவிலே நன்றாக ஏறினால், காகிதத்தில் உங்கள் ஒப்பந்தம் நட்டத்தில் நிற்கும். நிறுவனம் கூப்பிட்டு "முன்பணத்தை உயர்த்துங்கள்" என்று சொல்லும். இதை மார்ஜின் கால் என்பார்கள். ஓரிரு நாளுக்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை அவர்களே மூடி நட்டத்தை உங்கள் தலையில் எழுதலாம். ஆகவே முன்பணம் போக, அதே அளவுக்கு இன்னொரு தொகையை எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஃபார்வர்டு பக்கம் போக வேண்டும்.

தேதி முன்பின் ஆகலாம் என்றால், ஒரு தேதிக்குப் பதில் ஒரு மாத இடைவெளிக்குள் எந்த நாளிலும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஃபார்வர்டு கேளுங்கள். ரேட் கொஞ்சம் குறையும், தூக்கம் வரும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றுவதா, மாதாமாதம் பிரித்து மாற்றுவதா?

சராசரியாகக் கிடைக்கிற ரேட் இரண்டிலும் ஒன்றுதான். பிரித்து மாற்றினால் லாபம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிப்பதால் மாறுவது ஆபத்தின் அளவு. ஆறு மாதம் கழித்து மொத்தமாக மாற்றுவதோடு ஒப்பிட்டால், மாதம் ஒரு பங்காக ஆறு பங்கு மாற்றும்போது ஏற்ற இறக்கம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. இன்றே எல்லாவற்றையும் மாற்றினால் அது பூஜ்யம்.

அப்படியானால் இன்றே மாற்றுவதுதான் நல்லதா? நிரந்தரமாகப் போவது முடிவாகி, விசா கையில் வந்து, இனிச் செலவெல்லாம் புதிய பணத்தில்தான் என்றால், கணக்குப்படி ஆமாம். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. மாற்றிய மறு வாரம் ரேட் 4 சதவீதம் ஏறினால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு ஆறு மாதத்தை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் சேமிப்பு என்பதால் அதைத் தவிர்க்கப் பிரித்து மாற்றுவதில் தப்பில்லை. ஒரே நிபந்தனை: தேதிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள், அந்த நாள் வந்தால் ரேட்டைப் பார்க்காமல் மாற்றுங்கள். "இந்த மாதம் ரேட் சரியில்லை, அடுத்த மாதம் இரண்டு பங்காக மாற்றலாம்" என்று ஆரம்பித்தால் அது பழையபடி காத்திருப்பதுதான்.

விசா இன்னும் வரவில்லை என்றால் கணக்கு வேறு. போவதே நின்றுவிட்டால், மாற்றியதைத் திரும்ப மாற்ற இரண்டு பக்கமும் மார்க்கப் போகும், ரேட் ஆபத்தும் உண்டு. அதுவரை ஆரம்பச் செலவுக்கு மேல் மாற்ற வேண்டாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. விசா வந்தாயிற்று. வீடு விற்று, கடனடைத்து, எல்லாம் சேர்த்து 3,00,000 பழைய பணம். அதில் 1,62,400 வைப்புத்தொகையில் இருக்கிறது, ஆறு மாதத்தில் முதிர்கிறது. மீதி கையில். பழைய நாட்டில் வர வேண்டிய பில்கள், வரி பாக்கி, ஒரு அவசரப் பயணம் ஆகியவற்றுக்காக 20,000-ஐ அங்கேயே விடுகிறார்கள். மாற்ற வேண்டியது 2,80,000.

புதிய நாட்டில் வாடகை முன்பணமும் முதல் வருட வீட்டுச் செலவும் 60,000 புதிய பணம். ஆறு மாதத்துக்குப் பிறகு வீடு வாங்க 2,40,000. மற்றதெல்லாம் பிற்காலத்துக்கு.

முதல் 60,000-ஐ விளையாட்டுக்கு விட முடியாது. இன்றைக்கே 1.4925-இல் 40,200 பழைய பணத்தை மாற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கான பணம் வைப்பில் இருக்கிறது, தேதியும் தெரியும். ஆகவே 1,62,400-க்கு 1.478-இல் ஆறு மாத ஃபார்வர்டு. முதிர்கிறபோது 2,40,000 கிடைக்கும். முன்பணம் 16,240-ஐக் கையில் இருப்பதிலிருந்து கட்டிவைக்கிறார்கள், அது கடைசியில் கணக்கில் சேர்ந்துவிடும். பாக்கி 77,400-ஐ மாதம் 12,900 வீதம் ஆறு தடவை மாற்றுகிறார்கள்.

இப்போது பழைய பணம் ஒரே சீராக விழுந்து, ஆறு மாதத்தில் 1.50-இலிருந்து 1.35-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். மாதாந்தரப் பங்குகளுக்கு மார்க்கப் போகச் சராசரி 1.405 கிடைக்கும். மொத்தம் சுமார் 4,08,800 புதிய பணம். ஒன்றும் செய்யாமல் காத்திருந்து கடைசியில் மாற்றிய குடும்பத்துக்குச் சுமார் 3,76,100. வீடும் முதல் வருடச் செலவும் போக இவர்களிடம் 1,08,800 மிச்சம், அவர்களிடம் 76,100.

மாறாக, பழைய பணம் 1.65-க்கு ஏறியிருந்தால்? இவர்களுக்கு 4,22,300, காத்திருந்தவர்களுக்கு 4,59,700. ஆமாம், 37,000-க்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எண்களை இன்னொரு தடவை பாருங்கள். ரேட் பத்து சதவீதம் மேலே போனாலும் கீழே போனாலும் இவர்கள் கையில் 4,08,800-க்கும் 4,22,300-க்கும் நடுவில்தான் வரும். அவர்களுக்கு அந்த இடைவெளி 83,000-க்கு மேல். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாமா, தள்ளித்தான் பார்க்க வேண்டுமா என்பதை இவர்கள் இன்றைக்கே முடிவு செய்யலாம்.

முன்பணம் கட்டிய அந்த நேரத்தில் கையில் புரளுகிற பணம் குறையும் என்பதால், மாதாந்தரப் பங்குகளில் கடைசி இரண்டு கொஞ்சம் தள்ளிப்போக இடம் வைத்திருக்கிறார்கள். மார்ஜின் கால் வந்தால் அந்தப் பங்குக்கான பணம்தான் முதலில் உதவும், பழைய நாட்டில் விட்ட 20,000 அதற்கு அடுத்தது.

நான் நினைக்கிற ரேட் வந்தால் தானாக மாற்று என்று சொல்லிவைக்கலாமாமே?

லிமிட் ஆர்டர். வைக்கலாம், பிரித்து மாற்றுகிற பங்குக்குப் பயன்படும். ஆனால் நீங்கள் 1.53 கேட்டால், அது உங்களுக்கு வருகிற ரேட். மார்க்கப் 0.5 என்றால் நடு விலை 1.5377-ஐத் தொட்டால்தான் ஆர்டர் நிறைவேறும். "சந்தை 1.535 வரை போயிற்றே, ஏன் மாற்றவில்லை?" என்ற சண்டை வாரத்துக்கு ஒன்று வரும். இன்னொன்று, கடைசித் தேதி போடாத லிமிட் ஆர்டர் வெறும் ஆசைதான். இந்தத் தேதிக்குள் வராவிட்டால் அன்றைய விலைக்கு மாற்றிவிடு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கீழ்ப்பக்கம் 1.46-ஐத் தொட்டால் மாற்று என்று வைப்பது ஸ்டாப் லாஸ். அதை உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் பிடித்து வைத்திருந்த அடித்தளத்தை முன்னறிவிப்பில்லாமல் எடுத்துவிட்டது. யூரோ சில நிமிடங்களில் 1.00-க்கும் கீழே போயிற்று. 1.19-இல் ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு 1.19-இல் வாங்க ஆளே இல்லை. கிடைத்த விலைக்குத்தான் போயிற்று.

ஆப்ஷன் வாங்கினால் விழுந்தாலும் பாதுகாப்பு, ஏறினாலும் லாபம் என்கிறார்களே?

ஆப்ஷன் என்பது குறித்த ரேட்டில் மாற்றிக்கொள்கிற உரிமை, கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்வது உண்மைதான், அதற்கு விலை உண்டு. ஆண்டுக்கு 10 சதவீதம் அசைகிற நாணயத்துக்கு, இன்றைய ரேட்டைக் காக்கிற ஆறு மாத ஆப்ஷன் மொத்தத் தொகையில் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் கேட்கும், விற்கிறவர் லாபம் தனி. இலவச ஆப்ஷன் என்று யாராவது விற்றால், ஏற்றத்தில் ஒரு பகுதியை எங்கேயோ உங்களிடமிருந்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம்.

50,000 அனுப்பினேன், வந்து சேர்ந்தது அதைவிடக் குறைவு. நடுவில் யார் எடுத்தது?

இரண்டு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வரும், ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அனுப்பும் படிவத்தில் `OUR`, `SHA`, `BEN` என்று மூன்று தேர்வுகள் இருக்கும். `OUR` என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கு. `SHA` என்றால் இருவருக்கும் பங்கு. `BEN` என்றால் பெறுகிறவருக்கு. வீட்டு முன்பணம் போலத் தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டியதற்கு `OUR` போடுங்கள். நம் சொந்தக் கணக்குக்கு என்றால் `SHA` போதும், போகிறது சில்லறைதான்.

சில்லறை இல்லாத இடம் ஒன்று உண்டு. பழைய பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால், போய்ச் சேருகிற வங்கி கேட்காமலேயே தன் ரேட்டில் புதிய பணமாக மாற்றிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் 3 சதவீதம் போவது அங்கேதான். நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் மாற்றிய பிறகு, புதிய பணமாகவே அனுப்புங்கள்.

எதற்கு இவ்வளவு பத்திரம் கேட்கிறார்கள்? பணத்தை நிறுத்தி வைத்துவிட்டால் என்ன செய்வது?

பணமோசடித் தடுப்புச் சட்டம் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் இருக்கிறது. இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் செய்வார்கள். வீட்டு விற்பனைப் பத்திரம், அந்தப் பணம் கணக்கில் விழுந்ததைக் காட்டுகிற வங்கி அறிக்கை, வைப்புத்தொகை ரசீது, வரி கட்டிய சான்று ஆகியவற்றைக் கிளம்புவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து வையுங்கள். பெட்டியில் கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டால் இரண்டு மாதம் கையில் கிடைக்காது.

முதலில் ஒரு சின்னத் தொகையை அனுப்பிப் பாருங்கள். அது வந்து சேர்ந்த பிறகு, அதே விவரத்தை நகலெடுத்துப் பெரிய தொகை. ரேட் பேசி முடித்தாலும் பணம் கைமாற வழக்கமாக இரண்டு வேலைநாள் ஆகும், இரண்டு நாட்டு விடுமுறைகளும் கணக்கில் வரும். வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே பணம் அங்கே இருக்கட்டும்.

வங்கி அல்லாத நாணயமாற்று நிறுவனத்தை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கலாமா?

அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்திலேயே பாருங்கள். நிறுவனம் அனுப்பும் இணைப்பை அழுத்திப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் பணத்தைத் தங்கள் பணத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அது வைப்புக் காப்பீடு ஆகாது. நிறுவனம் நொடித்தால் பணம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் அவர்களிடம் பணம் ஓரிரு நாளுக்கு மேல் தங்க விடாதீர்கள், ஒரே தடவையில் மொத்தத்தையும் கொடுக்காதீர்கள். ஃபார்வர்டு முன்பணம் மட்டும் மாதக்கணக்கில் அங்கே நிற்கும், அதனால் ஃபார்வர்டை வங்கியில் போடுவதற்கு ரேட்டில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் தகும்.

பெரிய தொகைகள் காணாமல் போகிற இன்னொரு வழி மின்னஞ்சல். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று வக்கீல் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வரும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருந்த எண்ணைக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாயால் படித்துச் சரிபாருங்கள்.

வரி, அனுப்பும் வரம்பு எல்லாம் எப்படி?

நாட்டுக்கு நாடு வேறு, அதனால் இரண்டு நாட்டு வரி ஆலோசகரிடமும் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசுங்கள். இரண்டு கேள்வி போதும். ஒன்று, ஆண்டுக்கு ஒருவர் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கிறதா? இருந்தால் நிதியாண்டு முடியும் முன் ஒரு பங்கும் தொடங்கியதும் ஒரு பங்கும் என்று திட்டமிடலாம், கணவன் மனைவிக்கு வரம்பு தனித்தனியா என்றும் கேளுங்கள். இரண்டு, வரிக் கணக்கில் புதிய நாட்டில் வசிப்பவரான பிறகு பழைய பணத்தை மாற்றினால் நாணய லாபத்துக்கு வரி உண்டா? உண்டு என்றால், மேலே போட்ட தேதிகளில் சில முன்னே வர வேண்டியிருக்கும்.

கடைசியில் பழைய நாட்டுக் கணக்கை மூடிவிடலாமா?

உடனே மூடாதீர்கள். மின்கட்டணத்தில் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள், வரித்துறை எதையாவது அனுப்பும், வைப்புத்தொகை முதிர்ந்து அந்தக் கணக்கில்தான் விழும். ஒரு வருடமாவது இருக்கட்டும்.

அதோடு, பழைய கைபேசி எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள். பழைய நாட்டு வங்கி அனுப்புகிற ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஃபார்வர்டு முதிர்கிற நாளன்று பணம் முழுதும் கணக்கில் இருந்தும், சிம் கார்டு காலாவதியானதால் ஒரு தம்பதியால் அதை அனுப்ப முடியவில்லை. மனைவி விமானம் ஏறிப் போய் நேரில் கையெழுத்துப் போட்டு வந்தார். மாதாந்தரக் கட்டணம் குறைந்த ஒரு திட்டத்துக்கு மாற்றி, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்புவதற்கு முன் சேவை நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள்.